இரண்டு காளிகள்

பெருமாள்முருகனின் சிறு நாவல் ‘மாதொருபாகன்’ (2010). களம், ஆங்கிலேயர் காலத் திருச்செங்கோடு. பிள்ளையில்லாத பொன்னாவைத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவுக்கு அனுப்பச் சொந்தங்கள் முடிவெடுக்கின்றன. அன்று முன்பின் தெரியாத ஆண்களெல்லாம் சாமிகள்; அவர்களோடு சேர்ந்தால் பிள்ளை வாய்க்கும் என்பது நம்பிக்கை. கணவன் காளியும் மணமாகாத வயதில் அந்தக் கூட்டத்தில் திரிந்தவன்தான். அப்போது சாமியாக நின்றவனைக் கணவனாகிவிட்ட காளியால் ஏற்க முடியவில்லை. இந்தப் பிளவே நாவலின் உயிர் என்பேன். காளி சம்மதித்துவிட்டான் என்று நம்பிப் போகிறாள் பொன்னா. அவள் போனதை அறிந்த காளியின் முடிவு சொல்லப்படாமலே பூவரச மரத்தடியில் கதை நிற்கிறது. 2014இல் தொடர்ச்சிகள் இரண்டு வந்தன: ‘ஆலவாய’னில் காளி இறக்கிறான், ‘அர்த்தநாரி’யில் பிழைக்கிறான். மனைவியை மன்னிக்க முடியாத கணவனும் அவளின்றி வாழ முடியாதவனும் இவற்றில் தனித்தனி வாழ்வு பெறுகிறார்கள்.