எட்டே எழுத்து: ஒரு படத்தொகுப்புப் பட்டியலின் கதை

2012-ல நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். 14 நிமிஷம். எடிட்டிங் அடியேன். படம் முடிஞ்சு முதல் திரையிடலுக்கு எல்லாரும் போயிருந்தோம். கைதட்டல் எல்லாம் ஓய்ஞ்சப்புறம், படத்துல நடிச்ச அம்மா என்கிட்ட வந்து மெதுவா கேட்டாங்க. "தம்பி, அந்த பஸ் ஸ்டாப் ஷாட்ல நான் கடைசியா ஒரு தடவை திரும்பிப் பார்த்தேனே, அதை எடுத்துட்டீங்களா?"

எடுக்கலீங்க. அந்தத் திரும்பிப் பார்க்கறதுக்காகத்தான் மறுநாள் போய் அதே ஷாட்டைத் திரும்ப எடுத்தோம். என் டைம்லைன்ல அதுதான் இருந்துச்சு. திரையில வந்தது முதல் நாள் எடுத்த டேக். நடுவுல எங்கேயோ மாறிப்போச்சு. எங்கேன்னு தேடிப் போனது, கடைசியில 1971-ல கொண்டுபோய் விட்டுச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

எடிட்டிங் முடிஞ்சு, இனி ஒரு ஃப்ரேம் கூட மாறாதுன்னு ஆனதும் "லாக்" பண்ணிட்டோம்னு சொல்லுவோம். அப்புறம் படம் ரெண்டாப் பிரிஞ்சு போகும். காட்சி கலரிஸ்ட்கிட்ட, ஒலி மிக்ஸிங் பண்றவர்கிட்ட. நாம வெட்டறது பெரும்பாலும் சின்ன சைஸ் நகல்கள்ல. கலரிஸ்ட் வேலை செய்யறது மூல ஃபைல்கள்ல. நாம வெட்டின அதே இடத்துல மூலத்தையும் வெட்டி அடுக்கணும். அதுக்குப் பேரு கன்ஃபார்ம். அதுக்கு வேண்டியது ஒரு பட்டியல்: எந்த டேப், எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, படத்துல எந்த இடம்.

இந்தப் பட்டியல் பழக்கம் வீடியோ டேப் காலத்துச் சரக்கு. சி.பி.எஸ். டிவியும் மெமோரெக்ஸும் கூட்டா ஆரம்பிச்ச கம்பெனி சி.எம்.எக்ஸ். 1971-ல கம்ப்யூட்டர் வெச்சு வீடியோ எடிட் பண்ற மெஷினைக் கொண்டு வந்தாங்க. பின்னாடி வந்த அவங்க 3600 மெஷின் எழுதின பட்டியல்தான் ஊர் உலகத்துக்கே பொதுவான இ.டி.எல். ஆச்சு. மலிவான டேப்ல நிதானமா வெட்டிப் பார்த்துட்டு, மணிக்கணக்குல வாடகை வாங்கற பெரிய ஸ்டூடியோவுக்குப் பட்டியலோட போனா, அங்கே மெஷின் அதைப் படிச்சு ஒரிஜினல் டேப்ல இருந்து அடுக்கித் தரும்.

டேப் மேல ஒட்டின லேபிள்ல எவ்வளவு எழுதுவோம்? சின்னதா ஒரு எண். அதனால பட்டியல்லயும் ரீல் பேருக்குக் கொஞ்சம்தான் இடம். இன்னிக்கும் மென்பொருள்கள் இந்த வகைப் பட்டியலை எழுதும்போது வழக்கமா 8 எழுத்தோட நிறுத்திடும். சி.எம்.எக்ஸ். கம்பெனியை 90கள் முடியறதுக்குள்ள இழுத்து மூடிட்டாங்க. அவங்க போட்ட கட்டம் மட்டும் போகல.

இனி என் தப்புக்கு வர்றேன். என் பட்டியல்ல 17-வது வரி இது:

```
017  MVI_0012 V  C  00:00:41:10 00:00:44:22 01:02:15:00 01:02:18:12
```

`MVI_0012`ங்கற ஃபைல்ல 41-வது செகண்ட்ல ஆரம்பிச்சு 3 செகண்ட் 12 ஃப்ரேம் எடு, படத்துல ரெண்டே கால் நிமிஷத்துல போடுன்னு அர்த்தம். (படம் 1 மணியில ஆரம்பிக்கறதா கணக்கு வைக்கறது வழக்கம்.) பார்க்க ஒரு குறையும் இல்ல. ஆனா எங்க டி.எஸ்.எல்.ஆர். டைம்கோடே எழுதாது, ஒவ்வொரு ஃபைலும் பூஜ்யத்துல ஆரம்பிக்கும். கார்டு மாத்தினா எண்ணும் 0001-க்குத் திரும்பற மாதிரி வெச்சிருந்தோம். மூணாவது கார்டுலயும் ஒரு `MVI_0012`, ஏழாவது கார்டுலயும் ஒரு `MVI_0012`. ரெண்டும் ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடும், ரெண்டும் அதே பஸ் ஸ்டாப். கலரிஸ்டோட மெஷின் முதல்ல கிடைச்சதை எடுத்துக்கிச்சு. டேப் காலத்துல ரெண்டு டேப்புக்கு ஒரே எண் ஒட்டினா என்ன ஆகுமோ, அதேதான் ஆச்சு. வசனம் இல்லாத ஷாட், அதனால ஒலியும் காட்டிக்கொடுக்கல.

"எக்ஸ்எம்எல் கொடுத்திருக்கலாமே"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஃபைனல் கட் ப்ரோ கொண்டு வந்த எக்ஸ்எம்எல்-ல ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குங்கற முழு முகவரியே இருக்கும். பல டிராக், ஷாட்டைப் பெரிசு பண்ணினது, நகர்த்தினது எல்லாம் போகும். இ.டி.எல்-ல ஒரு வீடியோ டிராக்தான். அப்போ ஏன் கொடுக்கல? 2011 ஜூன்ல ஆப்பிள் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை வெளியிட்டாங்க. அதுல இ.டி.எல்., எக்ஸ்எம்எல், ஓ.எம்.எஃப். எதுவுமே வெளியே எடுக்க வழியில்ல, பழைய ப்ராஜெக்டும் திறக்காது. உள்ளே வெட்டலாம், யார்கிட்டயும் கொடுக்க முடியாது! எடிட்டர்கள் கொந்தளிச்சுட்டாங்க. செப்டம்பர்ல புதுசா ஒரு எக்ஸ்எம்எல் வந்துச்சு, ஆனா அது பழசு இல்ல, வேற இலக்கணம். இந்தக் குழப்பத்துல நான் பயந்துபோய் "எல்லா மெஷினும் படிக்கும்"னு பழைய இ.டி.எல்-ஐ நம்பினேன்.

வேடிக்கை என்னன்னா, அந்தப் பழைய ஃபைனல் கட்டை ஆப்பிள் அப்பவே கைவிட்டாச்சு. ஆனா இன்னிக்கும் ப்ரீமியர்ல இருந்து "Final Cut Pro XML" எடுத்து, டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து பாருங்க:

```
<!DOCTYPE xmeml>
<xmeml version="4">
```

அதே பழைய ஃபைனல் கட்டோட பாஷை. ரிசால்வ் அதைப் படிச்சுத்தான் கன்ஃபார்ம் பண்ணுது. ஆனா அதுலயும் எல்லாம் போகாது. வேகத்தை ஏத்தி இறக்கின ஷாட் பல தடவை தப்பா வரும், ப்ளகின் எஃபெக்ட் போகாது.

ஒலிக்கு வேற வம்சம். அவிட் கொண்டு வந்த ஓ.எம்.எஃப். 2 ஜிபியைத் தாண்டாது. அடுத்து அவிட்டும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வளர்த்ததுதான் ஏ.ஏ.எஃப். ஒலித் துண்டுகளை உள்ளேயே வெச்சு, வெட்டின இடத்துக்கு முன்னாடி பின்னாடி சில செகண்ட் கைப்பிடியும் சேர்த்து அனுப்பலாம். அந்தக் கைப்பிடி இல்லேன்னா மிக்ஸிங் பண்றவர் ஒரு ஃபேட் கூட நீட்ட முடியாது.

இப்போ நான் செய்யறது மூணே விஷயம். முதலாவது, எடிட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கார்டு எண்ணைச் சேர்த்துப் பேர் மாத்திடுவேன்: `C07_0012`. எண்ணிப் பாருங்க, எட்டே எழுத்து.

ரெண்டாவது, பட்டியலோட லாக் பண்ணின படத்தையும் ஒரு வீடியோவா, டைம்கோடு மேலேயே தெரியற மாதிரி கொடுப்பேன். கன்ஃபார்ம் ஆனதும் அதை மேல வெச்சு ஒவ்வொரு வெட்டா ஒப்பிட்டுப் பார்க்கணும். டிஃபரன்ஸ் மோடில் ரெண்டும் ஒண்ணா இருந்தா திரை கிட்டத்தட்ட கறுப்பா இருக்கும், ஷாட் மாறியிருந்தா அங்கே உருவம் பளிச்சுனு தெரியும். (டைம்கோடு எழுத்து மட்டும் எப்பவும் தெரியும், அதை விட்டுடுங்க.) 2012-ல இந்த வீடியோவை நான் கொடுக்கவே இல்ல. அந்த அம்மாவோட ஷாட் அங்கேதான் போச்சு.

மூணாவது ஒலிக்கு. படம் 01:00:00:00-ல ஆரம்பிச்சா 00:59:58:00-ல ஒரே ஒரு ஃப்ரேம் "பீப்". முடிஞ்சதும் அதே மாதிரி ஒண்ணு. முன் பீப் சரியா இருந்து பின் பீப் தள்ளி விழுந்தா, ரெண்டு பேர்ல ஒருத்தர் வேற ஃப்ரேம் வேகத்துல இருக்கார்னு அர்த்தம்.

அப்புறமா சரியான டேக்கைப் போட்டு, கலர் திரும்பச் செஞ்சு அந்த அம்மாவுக்கு ஒரு டிவிடி கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துட்டு, "இப்போ சரியா இருக்கு தம்பி"ன்னாங்க. முதல் திரையிடலுக்கு வந்தவங்க யாரும் அதைப் பார்க்கல.

உங்க கன்ஃபார்ம் சொதப்பல்கள் இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க மக்கா.