இருதுருவமும் பல்துருவமும்: நிலைத்தன்மை பற்றிய விவாதம்

பிற நாடுகளைவிட வலிமையில் மிகவும் உயர்ந்து நிற்கும் வல்லரசுகள் இரண்டே இருக்கும் உலக அமைப்பு இருதுருவம் எனப்படும். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அது பல்துருவம். இங்கே எண்ணப்படுபவை வல்லரசுகளே, கூட்டணிகள் அல்ல. 1914-இல் ஐரோப்பா இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்தாலும், ஒவ்வோர் அணியிலும் ஏறக்குறைய நிகரான பல வல்லரசுகள் இருந்ததால் அது பல்துருவ அமைப்பாகவே கொள்ளப்படுகிறது. இவ்விரண்டில் எது பெரும்போரைத் தவிர்க்க வல்லது என்ற விவாதம் பனிப்போர்க் காலத்தில் உருவானது.

பல்துருவத்துக்கு ஆதரவான வாதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வலுச்சமநிலையை முன்மாதிரியாகக் கொண்டவர்கள் பல்துருவமே பாதுகாப்பானது என்றனர். ஹான்ஸ் மார்கெந்தாவ் போன்றோரின் பார்வையில், பல வல்லரசுகள் இருந்தால் யாரும் பிறர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று உறுதியாகக் கணிக்க முடியாது. அந்த ஐயமே எச்சரிக்கையைத் தருகிறது.

1964-இல் கார்ல் டாய்ச்சும் டேவிட் சிங்கரும் இதற்குக் கணக்கு வடிவம் தந்தனர். இரண்டு வல்லரசுகளுக்கு இடையே ஓர் உறவுதான் சாத்தியம். ஐந்து இருந்தால் பத்து. இருதுருவத்தில் ஒவ்வொன்றும் தன் கவனம் முழுவதையும் ஒரே எதிரியின் மீது செலுத்தும். ஐந்து இருந்தால், சராசரியாக ஒவ்வொரு நாட்டுக்கும் கால் பங்கு கவனமே கிடைக்கும். கவனம் சிதறும்போது ஆயுதப் போட்டி மட்டுப்படும் என்பது அவர்கள் முடிவு. ஒரு விஷயத்தில் எதிரியாக இருப்பவர் இன்னொன்றில் கூட்டாளியாக இருப்பதும் பகையை முற்றவிடாது என்றனர்.

வால்ட்ஸின் மறுப்பு

அதே 1964-இல் கென்னத் வால்ட்ஸ் நேர்மாறான வாதத்தை முன்வைத்தார். 1979-இல் தம் நூலில் அதை விரிவாக்கினார். மற்றவர் கண்ட ஐயத்தில் அவர் ஆபத்தையே கண்டார். யார் யாருக்கு அச்சுறுத்தல், யார் எதிர்த்து நிற்பார் என்பது தெளிவில்லாதபோது தப்புக்கணக்குகள் பிறக்கின்றன. இருவர் மட்டுமே இருந்தால் எதிரி யார் என்பதில் குழப்பமில்லை. பொறுப்பைத் தள்ளிவிட வேறு ஆளும் இல்லை. இருதுருவத்திலும் தவறு நேரும். ஆனால் அது பெரும்பாலும் தேவைக்கு மேல் எதிர்வினை காட்டும் தவறு. வியட்நாம் போர் அத்தகையது. அதற்குப் பணமும் உயிர்களும் செலவாகும். உலகப்போராக மாறும் வாய்ப்பு குறைவு.

கூட்டாளியின் எடை

வால்ட்ஸின் வாதத்தின் மையம் கூட்டாளிகளைப் பற்றியது. பல்துருவத்தில் ஒரு கூட்டாளியை இழந்தால் வலுச்சமநிலையே குலையும். 1914-இல் ஆஸ்திரிய-ஹங்கேரி சிதைந்தால் ரஷ்யாவுக்கும் பிரான்சுக்கும் நடுவே தனித்து நிற்க வேண்டியிருக்கும் என்று ஜெர்மனி அஞ்சியது. அதனால் ஜூலை 5-இல் வியன்னாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவு தந்தது. ஜூலை 28-இல் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது. ஆகஸ்ட் 4-க்குள் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் எல்லாமே போரில் இறங்கிவிட்டன. வலிமை குறைந்த கூட்டாளி வலியவரைப் போருக்குள் இழுத்த கதை இது.

1930-களில் இதற்கு எதிரான கோளாறு நேர்ந்தது. ஹிட்லரைத் தடுக்கும் சுமையைப் பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஒன்றின் மீது ஒன்று தள்ளின. 1938-இல் மியூனிக் உடன்பாடும், 1939 ஆகஸ்டில் ஜெர்மன்–சோவியத் ஒப்பந்தமும் அதன் விளைவுகள். ஒரே அமைப்பு இரு எதிர்த் திசைகளில் பிழைத்தது ஏன் என்பதற்கு 1990-இல் தாமஸ் கிறிஸ்டென்சனும் ஜாக் ஸ்னைடரும் விளக்கம் அளித்தனர்: முந்திக்கொள்பவரே வெல்வார் என்று தலைவர்கள் நம்பினால் கூட்டாளியுடன் கண்மூடித்தனமாகப் பிணைந்துகொள்வார்கள், தற்காப்பே வலிது என்று நம்பினால் ஒதுங்கி நிற்பார்கள்.

இருதுருவக் காலத்தில் நேர்ந்த 1956 சூயஸ் நெருக்கடி இவ்விரண்டுக்கும் மாறானது. பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலுடன் சேர்ந்து எகிப்தைத் தாக்கியபோது, அமெரிக்கா அவற்றைப் பின்தொடரவில்லை. பொருளாதார நெருக்குதல் கொடுத்துப் பின்வாங்க வைத்தது. அவற்றின் பலம் இல்லாமலே சோவியத்தை எதிர்கொள்ள அதனால் முடிந்தது.

வரம்புகள்

பனிப்போரில் வல்லரசுகளிடையே நேரடிப் போர் நடக்காததற்கு இருதுருவம் காரணமா, அணு ஆயுதம் காரணமா என்று பிரித்தறிவது கடினம். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை. அணுகுண்டு இல்லாத இருதுருவத்துக்குப் பண்டைய கிரேக்கம் ஒரு சோதனை. ஸ்பார்ட்டாவின் கூட்டாளியான கொரிந்துக்கும் கோர்சிராவுக்கும் மூண்ட பூசலில் ஏதென்ஸ் தலையிட்டது. கோர்சிராவின் பெரிய கடற்படை எதிரணியின் கைக்குப் போவதை அது விரும்பவில்லை. கி.மு. 431-இல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் போரில் இறங்கின. துருவங்கள் இரண்டாக இருந்தும், கூட்டாளியின் எடை அங்கே குறையவில்லை. மேலும், இருதுருவத்தில் சரிந்துவரும் வல்லரசு ஒரே ஒரு போட்டியாளரை வென்றால் போதும் என்பதால் முந்தித் தாக்கத் துணியலாம் என்று டேல் கோப்லண்ட் வாதிட்டார்.

ஆகவே இரண்டு என்ற எண் மட்டும் அமைதியைத் தருவதில்லை. கூட்டாளி கைவிட்டாலும் நிலைகுலையாத அளவுக்கு அவ்விரண்டும் மற்றவர்களைவிட மிக உயர்ந்து நிற்கும் இடத்தில்தான் வால்ட்ஸின் வாதம் வலுப்பெறுகிறது.