பீலிக்கரையும் கைத்தொலைபேசியும்

“எங்களுக்குள்ள பெரிய சண்டை ஒண்டும் இல்ல. ஆனாலும் என்னமோ ஒண்டு குறையிற மாதிரி இருக்கு.” கண்டி நகரிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் குடும்பம் நடத்துவோர் இப்போது இப்படிச் சொல்வதுண்டு. கொஞ்சம் பேச விட்டால், அந்தக் குறை பெரும்பாலும் இரவு படுக்கையில் கைத்தொலைபேசியைப் பார்க்கும் நேரத்தில் தலைகாட்டுவது தெரியவரும்.

வெளிச்சான்று கிடைக்காத விடயங்களில் மனிதர் தம்மைப் போன்றவர்களோடு ஒப்பிட்டே தம் நிலையை அறிகிறார்கள் என்று 1954இல் லியோன் பெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். நிலத்தை அளக்கலாம், சம்பளத்தை எண்ணலாம். தாம்பத்தியத்துக்கு அப்படி ஓர் அளவுகோல் இல்லை. ஆகவே ஒப்பிடுவதே தவறென்று சொல்ல முடியாது. யாரோடு ஒப்பிடுகிறோம், அவர்களைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பவைதான் கேள்வி. கண்டி மலைநாட்டுத் தமிழர் இரண்டு தலைமுறைகளில் பயன்படுத்திய இரண்டு ஒப்பீடுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது லயத்து ஒப்பீடு. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துப் பழைய லயங்கள் பலவற்றில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் பல இடங்களில் கூரைவரை எழும்பியிருக்காது. பக்கத்துக் காம்பராவில் புருஷன் எப்போது வந்தான், என்ன பேசினான், பிறகு எப்படிச் சமாதானமானார்கள் என்பதெல்லாம் காதில் விழும். அடுத்த நாள் பீலிக்கரையில் அந்த வீட்டுக்காரியின் முகமும் கண்ணில் படும். இப்படி ஒரு தம்பதியின் நல்ல நாளும் கெட்ட நாளும் சேர்ந்தே தெரிந்தன.

இரண்டாவது திரையில் நடக்கும் ஒப்பீடு. பேராதனைப் பூந்தோட்டத்துக் கலியாணப் படங்களை எடுத்துக்கொள்வோம். 1821இல் தொடங்கிய அந்தத் தோட்டம் இன்று மணமக்கள் படமெடுக்க விரும்பிப் போகும் இடம். பிரீஷூட்டுக்கு நல்ல வெளிச்சமுள்ள வேளையாகப் பார்த்துப் போவார்கள். உடுப்பு மாற்றுவார்கள். கையை எங்கே வைப்பது, யார் யாரைப் பார்ப்பது, எப்போது சிரிப்பது என்றெல்லாம் படப்பிடிப்பாளர் சொல்லிக் கொடுப்பார். எடுத்த படங்களில் சிலவே தேர்வாகும். நிறம் திருத்தியபின் அவையே முகநூலுக்கு வரும். வெயிலில் எரிச்சல்பட்டதும், செலவைப் பற்றி முணுமுணுத்ததும் படத்தில் இராது. இதை ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. அழகான ஒரு நாளை நினைவுக்கு வைத்துக்கொள்ள யாருக்கும் ஆசை இருக்கும். பார்க்கிறவர்தான் அதை அந்தத் தம்பதியின் வழமையான நாளாக எடுத்துக்கொள்கிறார்.

இந்தப் பிழை ஏன் நேர்கிறது என்பதை 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அலெக்சாண்டர் ஜோர்டனும் அவருடைய சகாக்களும் பல்கலைக்கழக மாணவரிடம் நடத்திய அந்த ஆய்வில், மற்றவர்களுடைய துயரங்களை மாணவர்கள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். மனிதர் தனிமையில் அழுது, கூட்டத்தில் சிரிப்பதே அதற்குக் காரணம். லயத்தில் அந்தத் தனிமை கிடையாது. திரையிலோ தனிமையைத் தவிர மற்றதெல்லாம் காட்டப்படுகிறது.

இன்னொரு ஆய்வு 2014இல் லிடியா எமரி குழுவினர் செய்தது. துணைக்குத் தம்மேல் உள்ள அன்பைப் பற்றிச் சந்தேகம் கூடிய நாட்களில், மக்கள் தம் உறவை முகநூலில் அதிகமாகக் காட்ட முனைந்தார்கள் என்று அது கண்டது. ஜோடிப் படம் போடுகிற எல்லோரும் சந்தேகத்தில் இருக்கிறார்கள் என்பது இதன் பொருளாகாது. ஆனால் படம் அடிக்கடி வருகிறது என்பதை மட்டும் வைத்து அந்த வீட்டில் அன்பு நிறைந்திருக்கிறது என்று கணக்கிட முடியாது.

இதுவரை பார்த்தால் பீலிக்கரையே வென்றது போலத் தோன்றும். அங்கும் ஒரு பெரிய கோளாறு இருந்தது. சுற்றியுள்ள காம்பராக்களில் குடியும் அடியும் கேட்டுக்கொண்டே இருந்தால், “எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதானே” என்று அடியும் வழமையாகிவிடும். அந்த ஒப்பீடு பொறுமையை வளர்த்தது. பொறுக்கக் கூடாததையும் பொறுக்க வைத்தது. மனைவிக்குத் தேநீர் ஊற்றித் தரும் கணவனை, பலர் முன்னால் மனைவியைப் பாராட்டும் கணவனைத் திரையில் கண்டபிறகுதான் “இப்படியும் இருக்கலாமா?” என்ற கேள்வி சிலருக்குப் பிறந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. பீலிக்கரை எதிர்பார்ப்பைத் தாழ்த்தியது, திரை அதை உயர்த்துகிறது. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூடத் திரை குறையாகக் காட்டிவிடுவதுதான் சிக்கல்.

குறை உண்மையானதா, இரவல் வாங்கியதா என்று எப்படி அறிவது? கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவன் கடையை அடைத்துவிட்டு இரவு எட்டரைக்கு வருகிறான். மனைவி பிள்ளையின் பாடம் பார்த்து, சமையலை முடித்து, களைத்துப்போய் இருக்கிறாள். பழைய சிநேகிதி நுவரெலியாவில் கணவனோடு எடுத்த படத்தைப் பார்த்ததும் மனம் சுருங்குகிறது. அவள் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது மூன்று. இந்தப் படத்தைப் பார்க்கும் முன்பும் இந்தக் குறை இருந்ததா? கைத்தொலைபேசி கையில் இல்லாத நாட்களிலும் இருக்கிறதா? படத்தில் உள்ள எது எனக்கு வேண்டும்: நுவரெலியாவா, யாரும் குறுக்கிடாமல் அவரோடு பேசக் கிடைக்கும் நேரமா?

முதல் இரண்டுக்கும் “இல்லை” என்றால் குறை இரவல்தான். பெரும்பாலும் தானாகக் கரையும். “ஆம்” என்றால் மூன்றாவது கேள்வியின் விடையே முக்கியம். பேச நேரம்தான் வேண்டுமென்றால் அதைக் கேட்கும் முறையும் மாறவேண்டும். “அவங்களப் பாருங்க, எவ்வளவு சந்தோசமா இருக்காங்க” என்று தொடங்கினால், கணவன் காதில் அது குற்றச்சாட்டாகவே விழும்; அவன் தன் கடன், கடைவாடகைக் கணக்கைச் சொல்லித் தற்காத்துக்கொள்வான். “ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளையை அம்மாவிடம் விட்டுட்டு வாவியைச் சுத்தி நடப்பமா?” என்று கேட்டால் அது அவன் செய்யக்கூடிய ஒரு காரியம். அடுத்த வீட்டுத் தம்பதி அந்தப் பேச்சில் இடம்பெறவே தேவையில்லை. பலமுறை கேட்டும் அசைவில்லை என்றால், அப்போது குறை உண்மையானது. பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் இருவருமாகப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடி, மிரட்டல், பணத்தைப் பறித்து வைத்தல் என்பவை இந்த ஒப்பீட்டுக்குள் வரவே வரா. அவற்றுக்கு இன்னொரு தம்பதியைப் பார்த்து அளவெடுக்க வேண்டியதில்லை. அவற்றுக்கென்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் இருக்கிறது.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் தீர்ப்பு இதுதான். நமக்கு என்ன ஆசை என்று கண்டுகொள்ளத் திரை உதவும்; நம் குடும்பத்துக்கு மதிப்பெண் போட அது உதவாது. ஒருவருடைய கெட்ட நாளும் தெரியாத இடத்தில் அவரோடு உங்கள் தாம்பத்தியத்தை ஒப்பிடாதீர்கள். ஒப்பிட்டே தீரவேண்டுமென்றால், உங்கள் இருவரின் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். அதன் இரண்டு பக்கமும் உங்களுக்குத் தெரியும்.