நீராவி உள்ளடக்கிய வெப்பம்

திருப்பதி மாவட்டத்தின் வரதய்யபாளையத்திலிருந்து சூளூர்ப்பேட்டையைக் கடந்து கடற்கரையை நோக்கிச் சென்றால் ஸ்ரீஹரிகோட்டா. 2014 சனவரி 5 அன்று அங்கிருந்து எழும்பிய ஜி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் மேலடுக்கில், இந்தியாவிலேயே உருவான கிரையோஜெனிக் இயந்திரம் முதன்முறையாக வெற்றியுடன் இயங்கியது. அதனுள் நிகழ்ந்தது எளிய வினையே: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராவியாகின்றன. 25 பாகை செல்சியசில் ஒரு மோல் நீராவி உருவாகும்போது 241.8 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும் என்பது பாடநூல் தரும் அளவு. ஆனால் எரியறையின் வெப்பநிலை 3000 கெல்வினை ஒட்டியது. அங்கும் அதே அளவு பொருந்துமா?

இவ்வினாவுக்கு விடை காணும் வழியை 1858-இல் வகுத்தவர் குஸ்தாவ் கிர்க்காஃப். அப்போது அவர் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் பேராசிரியர். தொடக்கநிலையும் இறுதிநிலையும் ஒன்றாயின், எவ்வழியே சென்றாலும் மொத்த வெப்பமாற்றம் ஒன்றே என்பது அவ்வழியின் அடிப்படை. உயர் வெப்பநிலையில் நிகழும் வினையை மூன்று படிகளாகக் கற்பனை செய்யலாம். முதலில் வினைபடுபொருள்களைக் குளிர்வித்து 25 பாகைக்குக் கொணர வேண்டும். அங்கே வினையை நிகழ்த்த வேண்டும். பின்னர் விளைபொருளைச் சூடேற்றி மீண்டும் உயர் வெப்பநிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குளிர்விக்கையில் கிடைக்கும் வெப்பமும் சூடேற்றுகையில் செலவாகும் வெப்பமும் சமமாக இருப்பதில்லை. அந்த வேறுபாடே வினைவெப்பத்தின் மாற்றம்.

ΔH(T₂) = ΔH(T₁) + ∫ΔCp dT

இதில் ΔCp என்பது விளைபொருளின் வெப்ப ஏற்புத்திறனிலிருந்து வினைபடுபொருள்களின் ஏற்புத்திறனைக் கழித்துக் கிடைப்பது. அறைவெப்பநிலையில் நீராவிக்கு 33.6, ஹைட்ரஜனுக்கு 28.8, அரை மோல் ஆக்சிஜனுக்கு 14.7 ஜூல். கழித்தால் −9.9. இது மாறாதது எனக் கொண்டு 1000 கெல்வினுக்குக் கணக்கிடுவோம். 702 பாகை உயர்வுக்கு ஏறத்தாழ −6.9 கிலோஜூல் சேர்ந்து, வினைவெப்பம் −248.7 ஆகிறது. அட்டவணைகள் தரும் மதிப்பு −247.9. பிழை ஒரு கிலோஜூலுக்கும் குறைவு. ஆனால் 3000 கெல்வினுக்கு இதே முறை −268.6 எனத் தருகிறது. உண்மை மதிப்போ −253.0. பிழை 15 கிலோஜூலைத் தாண்டிவிடுகிறது.

கிர்க்காஃபின் விதியில் குறையில்லை. ஏற்புத்திறன் மாறாதது என்ற எண்ணத்தில்தான் குறை. அவ்வெண்ணம் அவருடைய நண்பர் இராபர்ட் புன்சனையே தடுமாறச் செய்தது. 1867-இல் புன்சன் வாயுக் கலவைகளை மூடிய கலத்தில் வெடிக்கச் செய்து அழுத்தத்தை அளந்தார். மாறாத ஏற்புத்திறனைக் கொண்டு கணக்கிட்டால், ஹைட்ரஜன் சுடர் பல ஆயிரம் பாகை வெப்பத்தை எட்டியிருக்க வேண்டும். அளந்ததோ 3000 பாகைக்கும் கீழே. ஆகவே வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அந்நேரத்தில் சேர்ந்தது என்று அவர் முடிவு செய்தார்.

மறு விளக்கம் பிரான்சிலிருந்து வந்தது. நிலக்கரிச் சுரங்கங்களின் வாயு வெடிப்புகளை ஆராய்ந்த மல்லார், லெ ஷாத்தலியே என்னும் இரு பொறியாளர்கள், 1880-களின் தொடக்கத்தில் அதேபோன்ற வெடிப்புச் சோதனைகளை நடத்தினர். வெப்பநிலை உயர உயர நீராவி, கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றின் ஏற்புத்திறன் வெகுவாகக் கூடுகிறது என அவர்கள் காட்டினர். எரியாமல் எஞ்சியதாகப் புன்சன் கருதிய வெப்பத்தின் பெரும்பகுதி, உண்மையில் நீராவிக்குள்ளேயே சென்றிருந்தது. மூன்று அணுக்கள் கொண்ட நீர் மூலக்கூறு உயர் வெப்பத்தில் அதிரத் தொடங்கி வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது என்ற காரணம் பின்னாளில் தெளிவாயிற்று. 3000 கெல்வினில் நீராவியின் ஏற்புத்திறன் 33.6-இலிருந்து 55.8 ஆகிறது, ΔCp −9.9-இலிருந்து ஏறத்தாழ −1.3 ஆகச் சுருங்குகிறது. அதனால்தான் வினைவெப்பம் தொடக்கத்தில் விரைந்து மாறிப் பின்னர் ஏறக்குறைய நிலைகொள்கிறது.

புன்சனின் முடிவு முற்றிலும் பொய்த்துவிடவுமில்லை. 3000 கெல்வின் அளவில் நீராவியின் ஒரு பகுதி மெய்யாகவே சிதைகிறது. அச்சிதைவும் வெப்பத்தை விழுங்குகிறது. எனவே சுடரின் வெப்பநிலையைக் காண ஏற்புத்திறனின் உயர்வு, சிதைவு ஆகிய இரண்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாணவர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. விளைபொருளை நீராவியாகக் கொள்ளாமல் திரவ நீராகக் கொண்டால் அதன் ஏற்புத்திறன் 75.3 ஆகிறது, ΔCp +31.8 எனக் குறியே மாறிவிடும். 100 பாகையைக் கடக்கும் கணக்கில் ஆவியாதல் வெப்பத்தைச் சேர்க்காவிட்டால் விடை 40 கிலோஜூலுக்கு மேல் பிறழும். விதி கேட்பது கூட்டல் கழித்தலை மட்டுமன்று. செல்லும் வழியெங்கும் பொருள் எந்நிலையில் இருக்கிறது என்பதையும் கேட்கிறது.