ரோபோவை உலாவியில் பார்த்தல்: வெப்சாக்கெட் பாலத்தின் வரலாறு

ஓடிக்கொண்டிருக்கும் ரோபோவின் உணரித் தரவை இணைய உலாவியில் வரைந்து காட்டி, அதே திரையிலிருந்து அதற்குக் கட்டளையும் அனுப்பும் முறை, ரோஸ் என்ற ரோபோ மென்பொருள் தளத்தைச் சுற்றி 2010-களில் வளர்ந்தது. ரோபோவின் கணினியில் ஓடும் ஒரு நிரல், உள்ளே புழங்கும் செய்திகளை வெப்சாக்கெட் இணைப்பு வழியாக உலாவிக்குக் கடத்துகிறது. அந்த நிரலைப் பாலம் என்கிறார்கள். இந்த வரலாற்றை வசதியின் வரலாறாகச் சொல்வதே வழக்கம்: லினக்ஸ் கணினி தேவையில்லை, எதையும் நிறுவ வேண்டாம், கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பிழை தேடுகிறவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ரோபோ பேசும் பைட்டுகளுக்கு எங்கே பொருள் கொள்ளப்படுகிறது, ரோபோவிலா உலாவியிலா? பாலங்கள் ஏன் இப்படி மாறின என்பதற்கு இந்தக் கேள்வியிலிருந்தே நல்ல விடை கிடைக்கிறது.

2006-இல் தொடங்கிய வில்லோ கராஜ் நிறுவனத்தில் ரோஸ் உருப்பெற்றபோது, பார்க்கும் கருவி ஆர்விஸ் என்ற மேசைக்கணினி நிரலாக இருந்தது. அது ரோஸின் உள்ளேயே ஒரு நோடாக ஓடியது. முதல் ரோஸில் நோடுகள் ஒன்றையொன்று கண்டறிய 11311 என்ற போர்ட்டில் ஒரு மாஸ்டர் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு நோடும் மற்றதோடு நேரடியாக, முன்கூட்டித் தெரியாத போர்ட் எண்களில் இணைப்புப் போட்டுக்கொள்ளும். ஆய்வகத்தின் ஒரே வலைப்பின்னலுக்குள் இது நன்றாக நடந்தது. நடுவில் ஃபயர்வால் வந்தால் நின்றுபோனது. பார்க்கும் கணினியிலும் ரோஸ் நிறுவியிருக்க வேண்டும், ரோபோவில் உள்ள அதே செய்தி வரையறைகளும் இருக்க வேண்டும்.

இந்தத் தடையைத் தாண்டவே அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ரோஸ்பிரிட்ஜ் பிறந்தது. பாஷ் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதில் சேர்ந்து உழைத்தார்கள். வெப்சாக்கெட் ஒரு தரமாக உறுதியானது 2011 டிசம்பரில். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் ரோஸ்பிரிட்ஜும் வடிவம் பெற்றது. 9090 என்ற ஒரே போர்ட், ஒரே இணைப்பு, அதில் போவதெல்லாம் ஜேசான் எழுத்து. ஒரு டாபிக்கைக் கேட்க உலாவி அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்:

```
{"op": "subscribe", "topic": "/scan",
 "type": "sensor_msgs/LaserScan", "throttle_rate": 200}
```

கடைசி எண், 200 மில்லி விநாடிக்கு ஒரு செய்திக்கு மேல் வேண்டாம் என்கிறது. ரோஸ் அறியாத எந்த மொழியிலும் எழுதிவிடலாம் என்பதே இதன் கவர்ச்சி. உலாவிக்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் ரோபோட் வெப் டூல்ஸ் என்ற பெயரில் இதன்மேல் எழுந்தன.

விலை என்னவென்றால், ஒவ்வொரு செய்தியையும் ரோபோவே எழுத்தாக மாற்றித் தர வேண்டும். அளவுச் சிக்கல் உடனே கண்ணில் பட்டது. 640×480 அளவுள்ள ஒரு வண்ணப்படம் 9,21,600 பைட். ஜேசானில் பைட்டுகளை அப்படியே வைக்க முடியாது என்பதால் அவை பேஸ்64 எழுத்துகளாகி 12,28,800 பைட்டாகப் பெருகுகின்றன. விநாடிக்கு 30 படம் என்றால் ஏறத்தாழ 295 மெகாபிட். சாதாரண வைஃபையில் இது தாங்காது. அதனால் கேமராப் படத்தைப் பாலத்தில் விடாமல், தனி வீடியோ சர்வர் வழியாக அனுப்பும் பழக்கம் வந்தது. எண்களுக்கும் இதே கதிதான். நான்கு பைட்டில் அடங்கும் 2.3 என்ற தூரம், எழுத்தாகும்போது `2.299999952316284` என்று நீள்கிறது.

அளவு பெருத்தால் திரை தாமதமாகும், அது தெரிந்துவிடும். பொருள் மாறினால் அவ்வளவு எளிதில் தெரியாது. லேசர் ஸ்கேனரை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் 360 கதிர் வீசும் ஒரு ரோபோ பெரிய கூடத்தின் நடுவே நிற்கிறது. எட்டும் தூரத்துக்குள் எதிலும் படாத கதிருக்கு முடிவிலி என்ற மதிப்பைத் தர வேண்டும் என்பது ரோஸின் மரபு. ஜேசானில் முடிவிலிக்கு எழுத்தே கிடையாது. எனவே ரோஸ்பிரிட்ஜ் அந்த இடத்தில் `null` என்று போடுகிறது. உலாவியில் புள்ளியை வரையும் நிரல் வழக்கமாக இப்படி இருக்கும்:

```
const x = r * Math.cos(angle);
const y = r * Math.sin(angle);
```

ஜாவாஸ்கிரிப்டில் `null` பெருக்கலுக்குள் போனால் பூச்சியமாகிவிடும். இரண்டு வரியும் பூச்சியத்தைத் தருகின்றன. எதிரே எதுவுமே இல்லாத கதிர்கள் எல்லாம் ஸ்கேனரின் மையத்தில் ஒரே புள்ளியாகக் குவிகின்றன. தடை அரை மீட்டருக்குள் வந்தால் சிவப்பு விளக்கு எரியட்டும் என்று உலாவிப் பலகையில் `r < 0.5` எழுதியிருந்தால், `null < 0.5` என்பது மெய்யாகி, வெட்டவெளியில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஸ்கேனர் கெட்டுவிட்டது, அல்லது ரோபோவின் உடலையே தடையாகப் பார்க்கிறது என்று தேடுகிறவர் முடிவுகட்டி, ஸ்கேனரைக் கழற்றவும் தொடங்கலாம். சரிபார்க்கும் வழி எளிது. ரோபோவிலேயே உள்நுழைந்து `ros2 topic echo --once --full-length /scan` என்று கேட்டால், அதே இடங்களில் `.inf` என்று வரும். அப்படி வந்தால் உணரி நலமாக இருக்கிறது, பொருள் மாறியது பாலத்தில்தான்.

இது வரைபவரின் கவனக்குறைவுதானே, பாலத்தின் குற்றமா என்று கேட்கலாம். `null` வந்தால் தவிர்த்துவிடு என்று ஒரு வரி சேர்த்தால் புள்ளிக் குவியல் மறையும், சந்தேகமில்லை. ஆனால் முடிவிலி, எதிர்ம முடிவிலி, எண் அல்லாதது என்ற மூன்றும் ஒரே `null` ஆகிவிட்ட பிறகு, எட்டாத தூரமா, மிக நெருக்கமா, அளவீடே பிழையா என்று அந்த ஒரு வரியால் பிரிக்க முடியாது. பிழை தேடும்போது தேவைப்படுவது இந்த வேறுபாடுதான். அது கம்பியில் ஏறும் முன்பே தொலைந்துவிட்டது.

திருப்பம் வந்தது நேரலையிலிருந்து அல்ல, பதிவுக் கோப்பிலிருந்து. தானியங்கிக் கார் நிறுவனமான குரூஸ், தன் பொறியாளர்களுக்காகக் கட்டிய வெப்விஸ் என்ற காட்சிக் கருவியை 2019-இல் திறமூலமாக வெளியிட்டது. ரோஸ் பதிவுக் கோப்பை உலாவிச் சாளரத்தில் இழுத்துப் போட்டால், அதன் மூலப் பைட்டுகளைச் செய்தி வரையறையோடு சேர்த்து உலாவியே பிரித்துப் படித்தது. கோப்பை இப்படிப் படிக்க முடிந்தபோது நேரலையையும் ஏன் அப்படிப் படிக்கக்கூடாது? ரோஸ்பிரிட்ஜில் `cbor-raw` என்ற அனுப்பும் முறை சேர்ந்தது இந்தத் தேவையால்தான். பைட்டுகளை மாற்றாமல் உறையிலிட்டு அனுப்பும் ஏற்பாடு அது. குரூஸிலிருந்து வெளிவந்தவர்கள் 2021-இல் தொடங்கிய ஃபாக்ஸ்குளோவ், வெப்விஸின் கிளையாகத் தன் கருவியை உருவாக்கி, 2022-இல் தனக்கென ஒரு பாலத்தையும் வெளியிட்டது. 8765 என்ற போர்ட்டில் ஓடும் இது, எந்த டாபிக் எந்த வரையறையில் வருகிறது என்று முதலில் அறிவிக்கிறது. அதன்பின் கேட்ட டாபிக்கின் பைட்டுகளை, பாலம் பெற்றுக்கொண்ட நேரத்தோடு, அப்படியே தள்ளுகிறது. மேற்சொன்ன ஸ்கேன் இதன் வழியே போனால், முடிவிலி முடிவிலியாகவே உலாவியில் இறங்கும்.

இந்தப் பாலமும் செய்திகளைக் கைவிடுகிறதே என்பது அடுத்த ஆட்சேபம், இது நியாயமானதும்கூட. வலைப்பின்னல் மெதுவாகி அனுப்பு வரிசை இயல்பு எல்லையான 1 கோடி பைட்டைத் தாண்டினால், புதிய செய்திகள் விடப்படுகின்றன. ஆனால் விடுபட்ட செய்தி இடைவெளியாகத் தெரியும், எச்சரிக்கையும் வரும். வந்து சேர்ந்த செய்தி ஒவ்வொன்றும் ரோபோ சொன்னதாகவே இருக்கும். ரோபோவில் `ros2 topic hz /scan` காட்டும் வேகத்தையும் திரையில் வரும் வேகத்தையும் ஒப்பிட்டால், குறை உணரியிலா வழியிலா என்று தெரிந்துவிடும். திரிந்த செய்திக்கு அப்படி ஒரு அளவுகோல் கிடையாது.

கட்டளைப் பலகைக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. பார்வைக்கு வரும் தரவு சற்றுப் பிந்தினால் பெரிய கேடில்லை, பிந்திய கட்டளை ஆபத்து. வெப்சாக்கெட் டிசிபி மேல் ஓடுவதால் எதையும் தொலைக்காது, வரிசையும் மாற்றாது. பலகையின் ஜாய்ஸ்டிக் விநாடிக்கு 10 முறை `/cmd_vel`-க்கு வேகம் அனுப்புகிறது, வைஃபை 2 விநாடி தடுமாறுகிறது என்று கொள்வோம். இயக்குபவர் பதறிக் கையை எடுத்திருப்பார். ஆனால் அவர் அனுப்பிய நிறுத்தக் கட்டளை, முன்னே தேங்கிய ‘முன்னால் போ’ கட்டளைகளுக்குப் பின்னால் நிற்கும். இணைப்பு மீண்டதும் பழையவையே முதலில் இறங்கும். இன்னொரு கோளாறு இதைவிட அற்பமானது: பலகை இருக்கும் தாவலை மறைத்துவிட்டு வேறு தாவலைத் திறந்தால், உலாவிகள் மறைந்த தாவலின் டைமரை விநாடிக்கு ஒன்றாகக் குறைத்துவிடும். சக்கரக் கட்டுப்பாட்டு நிரல் அரை விநாடி கட்டளை வராவிட்டால் நிறுத்தும்படி இருந்தால், ரோபோ நின்று நின்று நகரும். மோட்டாரைச் சந்தேகிப்பார்கள்.

இதற்கு மருந்து பாலத்தில் இல்லை, சக்கரத்துக்கு அருகில்தான் இருக்கிறது. ரோஸ் 2-இன் வேற்றுமைச் சக்கரக் கட்டுப்பாட்டு நிரலில் மேலே சொன்ன அரை விநாடியே இயல்பு மதிப்பு. நேர முத்திரையிட்ட கட்டளையை ஏற்கும் வடிவங்கள், முத்திரை பழையதாக இருந்தால் கட்டளையைப் புறக்கணிக்கின்றன. அதற்கு உலாவி ஓடும் கணினியின் கடிகாரமும் ரோபோவின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு விநாடி பின்தங்கியிருந்தாலும் எல்லாக் கட்டளையும் ‘பழையது’ என்று ஒதுக்கப்பட்டு, ரோபோ அசையாமல் நிற்கும்.

பாதுகாப்பிலும் உலாவியின் விதிகள் புகுந்துகொள்கின்றன. பாலத்தின் போர்ட் திறந்திருந்தால் கடவுச்சொல் கேட்காமலே யாரும் கட்டளை அனுப்பலாம் என்பதே பெரும்பாலான அமைப்புகளின் இயல்புநிலை. பாலமில்லாத ரோஸிலும் இந்தக் குறை இருந்தது: பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையத்தைத் துழாவி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவெளியில் எட்டக்கூடிய 100-க்கும் மேற்பட்ட ரோஸ் மாஸ்டர்கள் கண்டறியப்பட்டன. மறுபக்கம், பாதுகாப்பான இணைய முகவரியிலிருந்து வந்த பக்கம், குறியாக்கமற்ற வெப்சாக்கெட்டைத் திறக்க உலாவி விடாது. சொந்தக் கணினி முகவரிக்கு மட்டும் பெரும்பாலான உலாவிகளில் விலக்கு உண்டு. பலரும் கையாளும் வழி, அந்த விலக்கைப் பயன்படுத்தி ஒரு சுரங்கம் தோண்டுவது:

```
ssh -L 8765:localhost:8765 user@robot
```

அதன்பின் பக்கம் `ws://localhost:8765` என்று இணைகிறது. பாலத்தை ரோபோவின் உள்முகவரியில் மட்டும் கேட்க வைத்தால், வெளியார் வரவும் அடைபடுகிறது.

பொருள் கொள்ளும் வேலை உலாவிக்குப் போனதன் மறுபக்கம் 2024 மார்ச்சில் தெரிந்தது. ஃபாக்ஸ்குளோவ் தன் காட்சிக் கருவியின் புதிய பதிப்பை மூலநிரல் இல்லாமல் வெளியிட்டது. இனி அதன் உட்பொருள் விளக்கத்தைத் திறந்து பார்க்க வழியில்லை. ஆனால் வரையறை செய்தியோடு சேர்ந்தே பயணிப்பதால், வேறொரு கருவியும் அதே பைட்டுகளைப் படிக்கலாம். பிஎம்டபிள்யூ கடைசித் திறமூலப் பதிப்பிலிருந்து லிக்ட்பிளிக் என்ற கிளையைத் தொடங்கியது. அதற்கு மாறுகிறவர்கள் ரோபோவில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, பாலம் அதே 8765-இல் அப்படியே ஓடும்.