எவரெஸ்ட் அடிவார முகாம்: பினாங்கிலிருந்து கிளம்பும் முன் எழுதி வைக்க வேண்டிய திட்டம்

1997 மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். அங்கே கால் வைத்த முதல் மலேசியர்கள் அவர்கள்தான். உச்சிக்குப் போவது பெரிய கதை. ஆனால் நேப்பாளத்தில் லுக்லாவிலிருந்து 5,364 மீட்டரில் இருக்கும் அடிவார முகாம் வரை கயிறு, ஐஸ் கோடரி எதுவும் இல்லாமல் நீங்களும் நடந்தே போகலாம்.

நடக்கத் தெரிந்தால் போதுமா? போதாது. இந்தப் பாதையில் பலரைத் திருப்பி அனுப்புவது கால் வலி இல்லை, உயரம். அதனால் எங்கே தங்குவது, எப்போது திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

கினபாலு ஏறியாச்சு, இது என்ன பெரிசு?

அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கினபாலுவின் உச்சி 4,095 மீட்டர். ஆனால் அங்கே நீங்கள் 3,272 மீட்டரில் பானாலாபானில் ஒரு ராத்திரி படுத்து, விடியும்போது உச்சியைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே இறங்கிவிடுகிறீர்கள். உயர நோய் பெரும்பாலும் உயரமான இடத்துக்குப் போய்ச் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். அது முற்றுவதற்குள் நீங்கள் கீழே வந்துவிடுவீர்கள். எவரெஸ்ட் பாதையில் 4,000 மீட்டருக்கு மேல் தொடர்ந்து நாலைந்து இரவு தூங்க வேண்டியிருக்கும்.

கொடிமலையில் வாரா வாரம் ஏறுவது காலுக்கும் நெஞ்சுக்கும் நல்லது, கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் 833 மீட்டர் உயரம் உடம்பை மெல்லிய காற்றுக்குப் பழக்காது. ஜார்ஜ்டவுனில் இருந்துகொண்டு அதற்கு வழியே இல்லை. நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்குச் சில சமயம் ஆபத்து அதிகம்.

கணக்கு இப்படித்தான்

முகாமில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். இதற்கு ஈடுகொடுக்க உடம்புக்கு நாட்கள் தேவை. மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிமையானது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்குங்கள். பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட இரவில் எங்கே தூங்கினீர்கள் என்பதே முக்கியம்.

வழக்கமான பயணத்தை இந்த விதியோடு வைத்துப் பார்ப்போம். லுக்லா 2,860 மீட்டர். விமானத்தில் இறங்கியதும் அங்கே தங்காமல், கீழே 2,610 மீட்டரில் உள்ள பாக்டிங் போய்ப் படுக்கிறீர்கள். அடுத்த நாள் நாம்சே பஜார், 3,440 மீட்டர். ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறீர்கள். அதனால்தான் மூன்றாம் நாள் நாம்சேயிலேயே தங்குகிறார்கள். "ஓய்வு நாள்" என்றாலும் படுத்தே கிடக்கக் கூடாது. காலையில் 3,880 மீட்டர் வரை ஏறிப் பார்த்துவிட்டு, மதியம் இறங்கி, நாம்சேயில் தூங்குங்கள்.

நாலாம் நாள் தெங்போச்சே, 3,860. ஐந்தாம் நாள் டிங்போச்சே, 4,410. இங்கே 550 மீட்டர், விதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆகவே ஆறாம் நாளும் அங்கேதான். ஏழாம் நாள் லொபுச்சே, 4,940. எட்டாம் நாள் 5,164 மீட்டரில் உள்ள கோரக் ஷெப்பில் பையை வைத்துவிட்டு முகாமுக்குப் போய்த் திரும்பலாம். கீழே இறங்க மூன்று நாள் போதும்.

இந்தப் பயணத்தைப் பத்து நாளுக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை முதலில் வெட்டுவது இந்த இரண்டு ஓய்வு நாட்களில் ஒன்றைத்தான். விலையைப் பார்க்கும் முன் தங்கும் ஊர்களின் பட்டியலைக் கேளுங்கள்.

அனுமதியும் விமானமும்

நேப்பாள விசாவை காட்மாண்டு விமான நிலையத்திலேயே எடுக்கலாம். 15 நாள் விசா வேண்டாம், 30 நாளுக்கு எடுங்கள். பாதையில் இரண்டு அனுமதிச் சீட்டுகள் தேவை: கும்பு பகுதி ஊராட்சிக்கு ஒன்று, சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கு ஒன்று. இரண்டையும் வழியிலேயே வாங்கலாம், பாஸ்போர்ட்டும் ரொக்கமும் இருந்தால் போதும். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் சரிபாருங்கள்.

லுக்லா விமானங்கள் மேகம் வந்தால் பறக்காது. கூட்டம் அதிகமுள்ள மாதங்களில் பல விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து அல்ல, சாலை வழியாகச் சில மணி நேரம் தள்ளியுள்ள ராமேச்சாப்பிலிருந்தே கிளம்பும். ஆகவே குறைந்தது இரண்டு உபரி நாட்களைச் சேர்த்துத்தான் கோலாலம்பூர் டிக்கெட் போட வேண்டும்.

பையில் என்ன?

நமக்குக் குளிர் பழக்கமில்லை. லொபுச்சேயில் இரவு மைனஸுக்கு வெகு கீழே போகும், அறைகளில் ஹீட்டர் இருக்காது. மைனஸ் 10 அல்லது 15 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக்கும் தடித்த டவுன் ஜாக்கெட்டும் வேண்டும். இவற்றை இங்கே வாங்கிச் செலவழிக்காதீர்கள். காட்மாண்டுவின் தமேலில் வாடகைக்குக் கிடைக்கும். காலணியை மட்டும் இங்கேயே வாங்கி, கொடிமலையில் சில வாரம் போட்டு நடந்து பழகுங்கள். புதுக் காலணியில் வரும் கொப்புளம் மூன்றாம் நாளே உங்களை நிறுத்திவிடும். லுக்லா விமானத்தில் ஆளுக்குச் சுமார் 15 கிலோதான் அனுமதி.

டயமாக்ஸ் மாத்திரை உடம்பு பழகுவதை வேகப்படுத்தும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், முக்கியமாக சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால். காப்புறுதியில் 6,000 மீட்டர் வரை நடைப்பயணமும் ஹெலிகாப்டர் மீட்பும் உண்டா என்று எழுத்தில் பாருங்கள்.

எப்போது திரும்புவது?

இதைக் கிளம்பும் முன்பே எழுத வேண்டியதற்குக் காரணம் உண்டு. மேலே போனபின் தலைவலியோடு, "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்ற எண்ணத்தோடு எடுக்கும் முடிவு நம்பத்தகுந்தது இல்லை.

மூன்று பேர் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் நாள் மாலை டிங்போச்சேயில் ஒருவருக்குத் தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை, குமட்டல். இது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஜலதோஷம், தூக்கமின்மை என்று காரணம் தேட வேண்டாம். எழுதிய விதி இப்படி இருக்கலாம்: காலையில் சரியாகிவிட்டால் மேலே போகலாம், இல்லையென்றால் அங்கேயே இன்னொரு நாள். உபரி நாளில் ஒன்று செலவாகும், அதற்குத்தானே வைத்தோம். மறுநாளும் குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் தெங்போச்சேக்கு இறக்கம். பக்கத்தில் உள்ள பெரிச்சேயில் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் சீசனில் இயங்குகிறது, அங்கே காட்டலாம்.

இரண்டு அறிகுறிகளுக்கு மட்டும் காலை வரை காத்திருக்கவே கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அது நுரையீரலில் நீர் சேர்வதாக இருக்கலாம். ஒரு குதிகாலை மற்ற காலின் விரல்களோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். குடித்தவர் போலத் தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று பொருள். இரவானாலும் உடனே இறங்க வேண்டும். ஹெலிகாப்டர் இருட்டிலும் மேகத்திலும் வராது.

இங்கே பலர் யோசிக்காத ஒன்று: நோயாளியோடு யார் இறங்குவது? அவரைத் தனியாக அனுப்பவே முடியாது. உங்களுக்கு ஒரே வழிகாட்டி என்றால், அவர் இறங்கினால் மற்ற இருவரும் வழிகாட்டி இல்லாமல் நிற்பார்கள். ஆகவே காட்மாண்டுவிலேயே வழிகாட்டியோடு பாதை தெரிந்த ஒரு சுமைதூக்கியையும் ஏற்பாடு செய்து, "யாராவது இறங்கினால் இவர் கூடப் போவார்" என்று மூவர் முன்னிலையிலும் பேசி முடியுங்கள். அவருக்கும் குளிர் உடையும் காப்புறுதியும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எட்டாம் நாளுக்கு ஒரு நேரமும் எழுதுங்கள். கோரக் ஷெப்பிலிருந்து முகாமுக்குப் போக இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும், திரும்பவும் கிட்டத்தட்ட அவ்வளவே. மதியம் 2 மணிக்குள் முகாமை அடையவில்லை என்றால், எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே திரும்புவது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தை வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள். இன்னும் அரை மணி நேரம் என்று நீங்கள் கெஞ்சும்போது, இல்லை என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.