மரபுவழிப் பற்சிப்பிக் குறைபாடு

மரபுவழிப் பற்சிப்பிக் குறைபாடு என்பது பற்களின் மேலுறையாகிய பற்சிப்பி (எனாமல்), மரபணு மாற்றத்தின் காரணமாகப் பிறவியிலேயே சரிவர உருவாகாத நிலை ஆகும். பல் மருத்துவர்கள் இதனை அமெலோஜெனெசிஸ் இம்பெர்ஃபெக்டா என்பர். பெரும்பாலும் பால் பற்கள், நிலைப் பற்கள் ஆகிய இரண்டு தொகுதிகளிலும் எல்லாப் பற்களும் பாதிக்கப்படுகின்றன. இதன் பரவல் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 14,000 பேருக்கு ஒருவர் என்றும், வடக்கு ஸ்வீடனில் ஏறத்தாழ 700 பேருக்கு ஒருவர் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது.

தோற்றம்

பற்சிப்பி மூன்று கட்டங்களாக உருவாகிறது. முதலில் சிறப்புச் செல்கள் அமெலோஜெனின், எனாமெலின் முதலிய புரதங்களாலான சட்டகத்தைச் சுரக்கின்றன. பின்னர் அதில் கால்சியம், பாஸ்பேட் படிகங்கள் படிகின்றன. இறுதியில் நொதிகள் புரதத்தைச் சிதைத்து அகற்ற, படிகங்கள் பருத்து அந்த இடத்தை நிரப்புகின்றன. முற்றிய பற்சிப்பியில் எடை அளவில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளே. பல் முளைக்கும்போது இச்செல்கள் அழிந்துவிடுவதால், பின்னர் எந்தக் குறையையும் உடல் தானே சரிசெய்துகொள்ள இயலாது.

எந்தக் கட்டத்தில் தவறு நேர்ந்தது என்பதைப் பல்லின் தோற்றமே பெரும்பாலும் சொல்லிவிடும். முதற் கட்டத்தில் நேர்ந்தால் பற்சிப்பி கடினமாக இருந்தாலும் மிக மெல்லியதாக அமைகிறது. பற்கள் சிறுத்து, இடைவெளி விட்டு, குழிகளுடன் காணப்படும். தாது படியும் கட்டத்தில் நேர்ந்தால் பல் முளைக்கும்போது பற்சிப்பியின் தடிமன் சரியாக இருக்கும். ஆனால் கருவியால் சுரண்டி எடுக்கக்கூடிய அளவுக்கு மென்மையாக இருந்து, சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, பழுப்பு நிற உட்பகுதி வெளிப்படுகிறது. வலியும் கூச்சமும் இவ்வகையில்தான் மிகுதி. புரதம் அகற்றப்படாவிட்டால் பற்சிப்பி வெண்மையாகவோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாகத் தோன்றி, கடிக்கும்போது சில்லுகளாகப் பெயர்கிறது. அமெலோஜெனின் மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளதால், அவ்வகையில் ஆண்களுக்குப் பல் முழுவதும் பாதிக்கப்பட, பெண்களுக்கு மேலிருந்து கீழாக வரிவரியான கோடுகள் தோன்றுகின்றன.

நெருங்கிய உறவுத் திருமணமும் இக்குறைபாடும்

இந்தியாவில் இரத்த உறவுத் திருமணங்கள் மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. கொங்கு நாட்டிலும் மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் ஆகியோரை மணக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மாமன் அல்லது அத்தை வழி மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வருவதற்கான வாய்ப்பு 16இல் ஒன்று. அக்கா மகளை மணந்தால் 8இல் ஒன்று. ஆகவே பெற்றோர் இருவரின் பற்களும் நன்றாக இருக்க, குழந்தைக்கு மட்டும் குறைபாடு தோன்றும் ஒடுங்கு மரபுவகை இங்கு எதிர்பார்க்கத் தக்கதே. அவ்வாறு ஒரு குழந்தை பிறந்தபின் அடுத்து பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

ஒடுங்கு வகைகளுள் இரண்டு, பல்லுடன் நிற்பதில்லை. ஒன்றில் ஈறு தடித்து, நிலைப் பற்கள் முளைக்காமல் தங்கி, சிறுநீரகத்தில் கால்சியம் படிகிறது. இதற்குச் சிறுநீரக அல்ட்ராசவுண்ட் பரிசோதனை போதுமானது. மற்றொன்றில் விழித்திரை பழுதடைவதால் குழந்தைக்கு வெளிச்சத்தில் கண் கூசும். பல் மருத்துவரே இதனை முதலில் கண்டுபிடிக்கும் வாய்ப்புள்ளது. கண் கூசுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

புளோரைடு கறையிலிருந்து வேறுபடுத்தல்

தருமபுரி, சேலம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால் பல்லில் கறை படிவது பரவலாக அறியப்பட்டது. எனவே கொங்கு நாட்டில் பழுப்புப் பல்லைக் கண்டவுடன் "உப்புத் தண்ணி" என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். நீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நீரைச் சோதித்தாலே பாதி ஐயம் தீரும். புளோரைடு கறை பொதுவாகக் குறுக்குக் கோடுகளாக இருக்கும். பால் பற்களை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதே நீரைக் குடித்து வளர்ந்த அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கும். மரபுவழிக் குறைபாடோ பால் பற்களிலிருந்தே தொடங்குகிறது. எக்ஸ்-ரே படத்தில் பற்சிப்பி மிக மெல்லியதாகவோ, உட்பகுதியிலிருந்து பிரித்தறிய முடியாத மங்கலாகவோ தெரியும். முதல் கடைவாய்ப் பற்களும் வெட்டுப் பற்களும் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் வேறொரு நோயாகும்.

சிகிச்சைப் படிநிலைகள்

சிகிச்சையை ஒரே தடவையில் முடிக்க இயலாது. தாடை வளர்கிறது, பற்கள் மாறுகின்றன, ஈறு விளிம்பு இடம் மாறுகிறது; இளம் நிலைப் பல்லில் பற்கூழ் அறை பெரிதாக இருப்பதால் ஆழமாகச் சீவவும் கூடாது. இதனை விளக்க, கருமத்தம்பட்டியில் விசைத்தறித் தொழில் செய்யும் குடும்பத்தில், உறவில் மணந்த பெற்றோருக்குப் பிறந்த நான்கு வயதுக் குழந்தை ஒன்றைக் கற்பனையாகக் கொள்வோம். பற்கள் மஞ்சளாக, பாதி தேய்ந்துள்ளன. குளிர்ந்த நீரைக் குடிக்க அழுகிறது. பல் துலக்க விடுவதில்லை. அதனால் காறை படிந்து ஈறு வீங்கியுள்ளது.

முதற் கட்டம் வலியை நீக்குவது. புளோரைடு பூச்சு மூன்று மாதத்திற்கு ஒரு முறை இடப்படுகிறது. மென்மையான தூரிகையும் வெதுவெதுப்பான நீரும் அறிவுறுத்தப்படுகின்றன. பால் கடைவாய்ப் பற்கள் எட்டுக்கும் துருப்பிடிக்காத எஃகு உறைகள் போடப்படுகின்றன. பற்களுக்கிடையே சிறு ரப்பர் வளையங்களைச் சில நாட்கள் வைத்து இடம் உண்டாக்கினால், சீவாமலும் மரத்துப்போகும் ஊசி போடாமலும் உறையைச் சிமெண்டால் ஒட்டிவிடலாம். கடி சற்று உயர்ந்து, சில வாரங்களில் தானே சமநிலைக்கு வரும். ஊசியைத் தவிர்ப்பதற்கு ஒரு காரணமுண்டு: நாட்பட்ட அழற்சியுள்ள பல்லில் மரத்துப்போகும் மருந்து முழுமையாக வேலை செய்வதில்லை. வலித்த குழந்தை அடுத்த பத்தாண்டுச் சிகிச்சைக்கும் மருத்துவரை அஞ்சும். ஒத்துழைக்காத குழந்தைக்கு முழு மயக்கத்தில் ஒரே அமர்வில் எல்லாப் பற்களையும் முடிப்பதுண்டு.

ஆறு வயதில் முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. தாமதம் கூடாத இடம் இதுதான். முளைக்கத் தொடங்கியவுடன் கண்ணாடி அயனோமர் சிமெண்டால் மூடி, முழுதாக வந்தபின் எஃகு உறை இடுவர். இல்லையேல் ஓரிரு ஆண்டுகளில் அப்பல் ஈறு மட்டத்திற்குத் தேய்ந்து கடியின் உயரமே குறையக்கூடும். ஏழு, எட்டு வயதில் வரும் முன் வெட்டுப் பற்களுக்கு, பள்ளியில் கேலிக்கு உள்ளாகும் வயது என்பதால், பல்நிறக் காம்போசிட் பூசப்படுகிறது. மென்மையான பற்சிப்பியில் இது எளிதில் ஒட்டுவதில்லை. அமிலத்தால் அரித்தபின் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் புரதத்தை அகற்றும் முறை கையாளப்படுகிறது. ஆனால் அதன் பயன் எல்லா ஆய்விலும் உறுதிப்படவில்லை. ஓரத்தில் கறுத்த கோடு தென்பட்டால் பூச்சு கழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

இக்குறைபாடுள்ளோரில் பலருக்கு முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத திறந்த கடி உள்ளது. அதனைச் சீரமைக்கும் கம்பி சிகிச்சை பன்னிரண்டு வயதுக்குப் பின் அமைகிறது. பலவீனமான பற்சிப்பியில் கம்பித் துண்டுகளை ஒட்டுவதும் கழற்றுவதும் கடினம் என்பதால், உறைகள் இட்டபின் பட்டைகள் பொருத்துவர்.

இறுதியான செராமிக் உறைகள் வளர்ச்சி முடிந்து, ஈறு விளிம்பு நிலைத்தபின், பொதுவாக 18 வயதை ஒட்டி வைக்கப்பட்டு வந்தன. 2015இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்று, கடுமையான குறைபாடுள்ள பதின்ம வயதினருக்கும் இவ்வுறைகள் நன்கு நின்று கூச்சத்தைக் குறைத்தன என்று காட்டிய பின், 18 வயது வரை காத்திருப்பது கட்டாயமில்லை என்ற கருத்து வலுப்பெற்றது. வலியோ தேய்மானமோ இல்லாத மெல்லிய பற்சிப்பி வகையில் காத்திருக்கலாம்.